முறையைக் கொடுத்து மடக்குவது

சீட்டாட்டத்தில் ஒரு பிடியை ஜெயித்தவர்தான் அடுத்த சீட்டை இறக்க வேண்டும். முறை நம் கையில் இருந்தால் ஆட்டமும் நம் கையில் என்று நினைப்பது இயல்பு. பிரிட்ஜ் ஆட்டத்தில், அதுவும் கடைசி ஐந்தாறு சீட்டுகள் மிஞ்சியிருக்கும் நேரத்தில், இந்த எண்ணம் பலமுறை தலைகீழாகிவிடும். எதை இறக்கினாலும் எதிரணிக்கு ஒரு பிடி போகும் என்ற நிலையில் முறை வந்து சேர்ந்தால் அது பெரும் சுமை. டிக்ளரர் அந்தச் சுமையைத் திட்டமிட்டு எதிராளியின் தலையில் ஏற்றுவதைத்தான் 'த்ரோ-இன் எண்ட்பிளே' என்கிறார்கள். வேண்டுமென்றே ஒரு பிடியைத் தோற்று முறையைக் கொடுப்பது, பிறகு அவரே ஒரு பிடியைத் திருப்பித் தரும்படி வைப்பது. இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலை குறைவு. முன்கூட்டிச் செய்யும் தயாரிப்புக்குத்தான் வேலை அதிகம்.

பிரிட்ஜ் ஆடாதவர்களுக்குச் சில அடிப்படைகள். வடக்கும் தெற்கும் ஓர் அணி, கிழக்கும் மேற்கும் இன்னோர் அணி. ஆளுக்கு 13 சீட்டு, ஆகவே மொத்தம் 13 பிடிகள். முதலில் ஏலம் நடக்கும். ஏலத்தை வென்ற அணி, எது துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று உறுதி சொல்லியிருக்கும். அந்த அணியில் ஒருவர் டிக்ளரர். எதிரணி முதல் சீட்டை இறக்கியதும், அவருடைய கூட்டாளி தன் சீட்டுகளை மேஜைமேல் விரித்து வைத்துவிடுவார். அந்தக் கைக்கு 'டம்மி' என்று பெயர். இரண்டு கைகளையும் டிக்ளரரே ஆடுவார். இறக்கிய இனத்தில் கையில் சீட்டு இருந்தால் அதே இனத்தில்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் துருப்பால் வெட்டலாம், அல்லது வேறு ஏதாவது ஒன்றைக் கழிக்கலாம்.

இனி ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம். தெற்கு 'நாலு ஸ்பேடு' சொல்லியிருக்கிறார். ஸ்பேடு துருப்பு, எடுக்க வேண்டியது 10 பிடி. அந்த அணியின் இரண்டு கைகளும் இப்படி இருக்கின்றன:

வடக்கு, டம்மி
ஸ்பேடு: ராஜா, ராணி, 8, 4
ஆட்டின்: ஏஸ், 6, 3
டைமன்: ஜாக்கி, 7, 3
கிளாவர்: ஏஸ், 5, 2

தெற்கு, டிக்ளரர்
ஸ்பேடு: ஏஸ், ஜாக்கி, 10, 9, 2
ஆட்டின்: ராஜா, 5, 4
டைமன்: ராணி, 6, 2
கிளாவர்: ராஜா, 4

மேற்கு கிளாவர் ராணியை இறக்குகிறார். தெற்கு எதையும் தொடுவதற்கு முன் எண்ணிப் பார்க்கிறார். துருப்பில் ஐந்து, ஆட்டினில் ஏஸும் ராஜாவும், கிளாவரில் ஏஸும் ராஜாவும். மொத்தம் ஒன்பது. ஒன்று குறைகிறது. அந்தப் பத்தாவது பிடி டைமனிலிருந்துதான் வர வேண்டும் என்று தோன்றும். ஆனால் டைமனில் ஏஸும் ராஜாவும் எதிரணியிடம் இருக்கின்றன.

இந்த டைமன் இனத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முழு உத்தியும் இதில்தான் அடங்கியிருக்கிறது. டம்மியில் ஜாக்கியும் இரண்டு சின்னதும், தெற்கில் ராணியும் இரண்டு சின்னதும். தெற்கு தானே இதைத் தொடங்கினால் என்ன ஆகும்? டம்மியிலிருந்து சின்னதை இறக்கி ராணியைப் போட்டால், அடுத்து ஆடும் மேற்கு ராஜாவால் எடுப்பார். பிறகு தெற்கிலிருந்து சின்னதை இறக்கி ஜாக்கியைப் போட்டால், அடுத்து ஆடும் கிழக்கு ஏஸால் எடுப்பார். மூன்றாவது சுற்றில் எதிரணியின் 10 பெரியதாகிவிடும். மூன்றுமே போயிற்று. ஏஸும் ராஜாவும் ஒரே ஆளிடம் இருந்தால் ஒரு பிடி கிடைக்கும். ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்திருந்தால் கிடைக்காது. அப்படிப் பிரிந்திருக்கும் வாய்ப்போ பாதிக்குச் சற்று மேல்.

அதே இனத்தை எதிரணி தொடங்கினால் கதை வேறு. கிழக்கு ஒரு சின்ன டைமனை இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தெற்கு 2-ஐப் போட்டுவிடுவார். மேற்கு ராஜாவைப் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் டம்மியின் ஜாக்கியே ஜெயித்துவிடும். ராஜா போய்விட்டால் எதிரணியிடம் மிஞ்சுவது ஏஸ் ஒன்றுதான். தெற்கு அணியிடமோ ராணி, ஜாக்கி இரண்டும் இருக்கின்றன. ஏஸ் அவற்றில் ஒன்றைத்தான் விழுங்க முடியும். இன்னொன்று நிச்சயம் பிடி. கிழக்கு தொடங்கினாலும் மேற்கு தொடங்கினாலும், ஏஸும் ராஜாவும் எப்படிப் பிரிந்திருந்தாலும் விடை இதுதான். இப்படி, யார் முதலில் தொடுகிறாரோ அவருக்கு நஷ்டம் என்று நிற்கும் இனத்தை 'உறைந்த இனம்' என்பார்கள்.

ஆக, டைமனைத் தெற்கு தொடவே கூடாது. எதிரணியைத் தொட வைக்க வேண்டும். எதிரணி தானாகத் தொடாது. கையில் கிளாவரோ ஆட்டினோ இருக்கும்வரை அதை இறக்கித் தப்பித்துக்கொள்ளும். அந்தத் தப்பிக்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பதுதான் தயாரிப்பு.

முதல் கிளாவரைத் தெற்கு ராஜாவால் எடுக்கிறார். பிறகு ஸ்பேடு ஏஸ், அடுத்து டம்மியின் ஸ்பேடு ராஜா. எதிரணியிடம் ஆளுக்கு இரண்டு துருப்பு இருந்ததால் இரண்டு சுற்றில் எல்லாம் வெளியே வந்துவிட்டன. இப்போது டம்மியிலிருந்து கிளாவர் ஏஸ், தொடர்ந்து கடைசிக் கிளாவர். அதைத் தெற்கு துருப்பால் வெட்டுகிறார். இந்த வெட்டில் புதிதாகப் பிடி எதுவும் கிடைக்கவில்லை, தெற்கின் ஐந்து துருப்பில் ஒன்றுதான் செலவானது. ஆனால் இரண்டு கையிலும் கிளாவர் தீர்ந்துபோயிற்று. வெட்டியதன் நோக்கம் அதுதான். பிறகு ஆட்டின் ராஜா, ஆட்டின் ஏஸ்.

ஏழு பிடிகள் முடிந்தன, ஏழும் தெற்குக்கே. டம்மியில் இரண்டு துருப்பு, ஓர் ஆட்டின், மூன்று டைமன். தெற்கிலும் அதே போல இரண்டு துருப்பு, ஓர் ஆட்டின், மூன்று டைமன். இப்போது டம்மியிலிருந்து கடைசி ஆட்டினை இறக்கி அந்தப் பிடியை விட்டுக்கொடுக்கிறார். கிழக்கு ராணியால் எடுக்கிறார். முறை அவருடையது. அவர் கையில் ஆட்டின் 10, ஒரு கிளாவர், டைமனில் ஏஸ், 9, 5.

டைமனை இறக்கினால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டோம். சரி, ஆட்டின் 10-ஐ இறக்கினால்? தெற்கு அணியின் இரண்டு கையிலும் ஆட்டின் இல்லை, இரண்டிலும் துருப்பு இருக்கிறது. தெற்கு தன் கையிலிருந்து ஒரு டைமனைக் கழித்துவிட்டு, டம்மியின் துருப்பால் வெட்டுவார். டம்மியின் துருப்பு ஒரு பிடியாகிவிட்டது. தெற்கின் மூன்று டைமன் இரண்டாகிவிட்டது. இனி தோற்க இரண்டு டைமன்தான், தெற்கின் இரண்டு துருப்பும் அப்படியே நிற்கின்றன. கிளாவரை இறக்கினாலும் இதே கதைதான். ஒரு கையில் வெட்டி மறு கையில் கழிக்கும் இந்த வசதியை 'ரஃப் அண்ட் டிஸ்கார்ட்' என்பார்கள். மூன்று வழியும் அடைபட்டுவிட்டது. எப்படிப் போனாலும் தெற்குக்குப் பத்துப் பிடி.

இதில் வரிசை மாறினால் எல்லாமே குலைந்துவிடும். மூன்றாவது கிளாவரை வெட்டாமலே ஆட்டினை விட்டுக்கொடுத்தால் கிழக்கு ஒரு கிளாவரை இறக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துகொள்வார். டம்மியில் கிளாவர் இன்னும் இருப்பதால் அங்கே வெட்டவும் முடியாது. எதிரணியின் துருப்பை வெளியே கொண்டுவராமல் தொடங்கினால் நடுவில் அவர்களில் ஒருவர் ஏஸையோ ராஜாவையோ வெட்டிவிடக்கூடும், அல்லது கடைசியில் துருப்பையே இறக்கித் தப்பிக்கலாம். மறுபுறம், நம் துருப்பும் இரண்டு கையிலும் மிஞ்ச வேண்டும். எதிரணியின் நாலு துருப்பு இரண்டு-இரண்டாகவோ மூன்று-ஒன்றாகவோ இருந்தால் மிஞ்சும்; 100 ஆட்டத்தில் சுமார் 90-இல் அப்படித்தான் இருக்கும். நாலும் ஒரே கையில் இருந்தால் அவற்றை எடுப்பதற்குள் டம்மியின் துருப்பு தீர்ந்துபோகும், ரஃப் அண்ட் டிஸ்கார்ட் என்ற மிரட்டலும் அதோடு தீர்ந்துபோகும்.

நாம் பார்த்த ஆட்டத்தில் யாரிடம் முறை போனாலும் பலன் ஒன்றுதான். எல்லா ஆட்டமும் அப்படி அமைவதில்லை. தெற்கின் டைமன் ஏஸும் ராணியும், டம்மியில் சின்னது மட்டும் என்று இருந்தால்? ராஜா மேற்கிடம் இருக்கும்போது, மேற்கு டைமனை இறக்க நேர்ந்தால்தான் தெற்குக்கு லாபம். கடைசியாகச் சீட்டு போடுபவர் அவர்தானே. கிழக்கு இறக்கினால் தெற்கு ராணியைப் போட, அவருக்குப் பின்னால் இருக்கும் மேற்கு ராஜாவால் எடுத்துவிடுவார். ஆகவே தோற்கும் பிடியை மேற்குதான் ஜெயிக்க வேண்டும். எதிரணிக்குத் தப்பிக்க இடம் கிடைப்பது இங்கேதான். டம்மியில் ஆட்டின் ஏஸும் ஒரு சின்னதும், தெற்கில் இரண்டு சின்னது என்று வைத்துக்கொள்வோம். மேற்கிடம் ராஜாவும் 9-ம், கிழக்கிடம் ராணியும் இன்னும் சிலவும். டிக்ளரர் ஏஸை ஆடும்போது மேற்கு வழக்கம்போல 9-ஐப் போட்டால், அடுத்த சுற்றில் அவருடைய ராஜா ஜெயித்து அவரே மாட்டிக்கொள்வார். விழித்துக்கொண்ட ஆட்டக்காரர் ஏஸின் கீழே ராஜாவைத் தூக்கிப் போட்டுவிடுவார். அடுத்த ஆட்டினைக் கிழக்கு ராணியால் எடுத்து, டைமனைத் தைரியமாக இறக்குவார்.

இன்னொரு தற்காப்பும் உண்டு. கூட்டாளியிடம் ஒரே ஒரு ராஜா தனியாக நிற்கிறது, அதை ஜெயித்தால் அவர் மாட்டிக்கொள்வார் என்று ஊகித்தால், மற்றவர் தன் ஏஸைப் போட்டு அந்த ராஜாவைத் தானே விழுங்கிவிடுவார். சொந்த அணியின் பெரிய சீட்டுகள் இரண்டு ஒரே பிடியில் விழுவது வீண்செலவு போலத் தெரியும். முறை கூட்டாளியிடம் போகாமல் தடுப்பதற்கு அது கொடுக்கும் விலை. வாயைத் திறந்து விழுங்குவதால் இதற்கு 'முதலை' உத்தி என்றே பெயர்.

எதிரணியாக உட்கார்ந்திருப்பவர்கள் கவனிக்க ஓர் அறிகுறி இருக்கிறது. டிக்ளரர் துருப்பை எடுத்துவிட்டு, அவசரமே இல்லாத இனங்களைக் கடைசிச் சீட்டுவரை ஆடித் தீர்க்கிறார், ஓர் இனத்தை மட்டும் தொடாமலே விட்டுவைக்கிறார் என்றால், தொடாத அந்த இனத்தை நம்மைத் தொட வைக்கத்தான் பார்க்கிறார். அது மூன்றாவது பிடியிலேயே புரிந்தால் பெரிய சீட்டைக் கழிக்க நேரம் இருக்கும், எட்டாவது பிடியில் புரிந்தால் இருக்காது. டிக்ளரருக்கும் கணக்கு அதேதான். டம்மி விரிந்ததும், நான் தொடக் கூடாத இனம் எது, எதிராளி பத்திரமாக இறக்கக்கூடிய சீட்டுகள் எவை, அவற்றை எத்தனை சுற்றில் தீர்க்கலாம், கடைசியில் எந்தச் சீட்டால் முறையைக் கொடுப்பேன் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் முதல் பிடிக்கு டம்மியிலிருந்து சீட்டை எடுக்க வேண்டும்.