எர்த் ஆனாலும் ஓடும் மோட்டார்

6,600 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் ஒரு தொழிற்சாலை. அதன் மின்மாற்றியின் நியூட்ரல் நிலத்தோடு இணைக்கப்படவில்லை. கேபிள் ஒன்றில் இன்சுலேஷன் பழுதாகி, ஆர் பேஸ் முழுமையாக எர்த் ஆகிறது. ஆனால் பிரேக்கர் ட்ரிப் ஆவதில்லை, மோட்டார்கள் வழக்கம்போலச் சுற்றுகின்றன. பேனலில் உள்ள மூன்று வோல்ட்மீட்டர்களில்தான் மாற்றம் தெரிகிறது. முன்பு ஒவ்வொன்றும் நிலத்துக்கு எதிராக 3,810 வோல்ட் காட்டியது. இப்போது ஆர் பேஸ் சுழியம். பழுதே இல்லாத மற்ற இரண்டும் 6,600.

காரணம் இதுதான். பேஸ்களுக்கு இடையிலான 6,600 வோல்ட்டை மின்மாற்றிதான் தீர்மானிக்கிறது, அதில் நிலத்துக்குப் பங்கில்லை. அதனால்தான் மோட்டார்களுக்கு எதுவும் தெரிவதில்லை. நிலமோ இதுவரை மூன்று பேஸ்களுக்கும் சம தூரத்தில், நடுவில் இருந்தது. ஆர் பேஸ் நிலத்தைத் தொட்டதும், நிலமும் ஆர் பேஸும் ஒன்றாகிவிட்டன. ஆகவே நிலத்திலிருந்து மற்ற இரண்டுக்கும் உள்ள அழுத்தம், பேஸ்களுக்கு இடையிலான முழு அழுத்தம். அதாவது 1.73 மடங்கு.

நியூட்ரலுக்கு நில இணைப்பு இல்லையென்றால், பழுதான இடத்தில் மின்னோட்டம் எப்படிப் பாயும்? கேபிளே வழி தருகிறது. உள்ளே கடத்தி, வெளியே நிலத்தோடு இணைந்த உலோக உறை, நடுவே இன்சுலேஷன்: இது ஒரு மின்தேக்கி. மொத்தம் 10 கிலோமீட்டர் கேபிள், பேஸ் ஒன்றுக்குக் கிலோமீட்டருக்கு 0.3 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், ஒரு பேஸுக்கு 3 மைக்ரோஃபாரட் வரும்.

I = 3 × 2π × 50 × 0.000003 × 3810 ≈ 10.8 A

நல்ல பேஸ்கள் இரண்டும் தலா 6.2 ஆம்பியரை மின்தேக்கம் வழியாக நிலத்துக்கு அனுப்ப, அவை கூடிப் பழுதின் வழியே திரும்புகின்றன. அவற்றின் திசைகள் 60 பாகை விலகியிருப்பதால் கூட்டுத்தொகை 12.4 அல்ல, 10.8. பழுது எங்கே நேர்ந்தாலும் இந்த அளவு ஏறக்குறைய மாறாது, கேபிளின் மொத்த நீளம் கூடினால் மட்டுமே ஏறும். அதனால் மின்னோட்ட அளவை வைத்துப் பழுதின் இடத்தைச் சொல்ல முடியாது. ஃபீடர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, எதை நிறுத்தும்போது மூன்று மீட்டர்களும் சமமாகின்றன என்று பார்ப்பது பழைய முறை.

பத்து ஆம்பியர்தானே என்று விட்டுவைப்பது எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பொறி அணைந்து அணைந்து மீண்டும் பற்றும்போது, நல்ல பேஸ்களில் அழுத்தம் சாதாரண அளவைப்போலப் பல மடங்கு எகிறலாம். பொறி இல்லாவிட்டாலும், இன்சுலேஷன் மணிக்கணக்கில் 6,600 வோல்ட்டைச் சுமக்க வேண்டும். இதற்காகவே இத்தகைய அமைப்புக்கு 6.6/6.6 கிலோவோல்ட் கேபிள் கேட்கிறார்கள். நியூட்ரல் எர்த் செய்த இடத்துக்கான 3.8/6.6 கேபிளை இங்கே போட்டிருந்தால், முதல் பழுதைக் கண்டுபிடிப்பதற்குள் வேறொரு மூலையில் ஒய் பேஸும் எர்த் ஆகக்கூடும். இரண்டு பேஸ்கள் நிலம் வழியாக இணைந்துவிடும். அப்போது பாய்வது பத்து ஆம்பியராக இருக்காது, ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டமாக இருக்கும். அதுவரை வேலை செய்த இரண்டு ஃபீடர்களும் ஒரே நேரத்தில் ட்ரிப் ஆகலாம்.