ஏழு விழுந்த ராத்திரி

“நீ சொன்னேன்னுதான் வாங்கினேன். ராத்திரி முழுக்க கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்” என்று தோழி செய்தி அனுப்பியிருந்தாள். நான் சொன்னது கட்டான். 1995இல் ஜெர்மனியில் வெளிவந்த பலகை விளையாட்டு. பகடையில் விழும் எண்ணுக்கு ஏற்ப மரம், செங்கல், தானியம் என்று அட்டைகள் கிடைக்கும். அவற்றைக் கொண்டு சாலையும் வீடும் கட்ட வேண்டும்.

“பிடிக்கல” என்பதை மட்டும் வைத்து அடுத்த விளையாட்டைச் சொல்ல முடியாது. “எந்த இடத்துல எரிச்சல் வந்துச்சு?” என்று கேட்டேன். இரண்டு இடம் சொன்னாள். அவளுடைய இரண்டு வீடுகளும் 3, 4, 11, 12 ஆகிய எண்களை ஒட்டி இருந்திருக்கின்றன. இரண்டு பகடைகள் விழக்கூடிய 36 விதங்களில் எட்டில்தான் அந்த எண்கள் வரும். அதனால் பல சுற்றுகள் வெறுங்கை. ஒருவழியாக ஒன்பது அட்டை சேர்ந்தபோது ஏழு விழுந்தது. ஏழு அட்டைக்கு மேல் வைத்திருப்பவர் பாதியை இழக்க வேண்டும் என்பது விதி, நாலு போயிற்று.

“ஒண்ணாவது பிடிச்சுதா?” என்றேன். “சாலை போட்டது பிடிச்சுது” என்றாள்.

பகடை பிடிக்கவில்லை என்றால் சதுரங்கம் சொல்லத் தோன்றும். ஆனால் அவளுக்கு அதிர்ஷ்டத்தின் மேல் கோபமில்லை. தன் முறை வந்தும் செய்ய எதுவுமில்லாததும், சேர்த்தது பறிபோனதும்தான் கோபம். ஆகவே இப்படி எழுதினேன்:

“அடுத்து ‘டிக்கெட் டு ரைடு’ ஆடிப் பாரு. பகடையே கிடையாது. அமெரிக்க வரைபடத்துல ஊருக்கு ஊர் ரயில் பாதை போடணும். உன் முறை வந்தா அட்டை எடுக்கலாம், பாதை போடலாம், இல்ல புது டிக்கெட் எடுக்கலாம். வெறுங்கையோட உட்கார வேண்டிய சுற்றே வராது. அதிர்ஷ்டம் இதுலயும் உண்டு. ஆனா அஞ்சு அட்டை திறந்தே இருக்கும், வேண்டிய நிறத்தைப் பார்த்து எடுத்துக்கலாம். எத்தனை அட்டை சேர்த்தாலும் யாரும் பறிக்க முடியாது.

ஒரு வலி மட்டும் இருக்கு. எந்த ரெண்டு ஊரை இணைக்கணும்னு டிக்கெட்ல போட்டிருக்கும். முடிக்காம விட்டா அதோட மதிப்பெண் கழியும். முதல்ல வர்ற மூணுல ரெண்டை மட்டும் வச்சுக்கோ, ஒரே திசையில போறதா பார்த்து.”

அவளுக்குத் தேவைப்பட்ட பாதையை வேறொருவர் முந்திக்கொண்டு போட்டுவிடலாம். சுற்றி வர வழி தேடுவது அவளுக்குச் சுவாரசியமா, இன்னொரு பறிப்பா என்பது ஆடினால்தான் தெரியும். பறிப்பாகத் தோன்றினால் போட்டியே அவளுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். அப்போது எல்லோரும் ஒரே பக்கம் நின்று நோய்களை விரட்டும் ‘பேண்டமிக்’கைச் சொல்வேன்.