முத்திரை இல்லாத விண்ணப்பம் யார் கணக்கில்?

ஒரு நிறுவனம் 10 ரூபாய் விலையில் 1,00,000 பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுப் பணமும் விண்ணப்பத்தோடு கட்டவேண்டும். கடைசி நாள் முடிந்து எண்ணிப் பார்த்தால் 85,000 பங்குகளுக்குத்தான் விண்ணப்பம் வந்திருக்கிறது. நம் நாட்டுப் பொது வெளியீட்டில் குறைந்தது 90 சதவீதமாவது சேரவேண்டும் என்பது செபியின் விதி. சேராவிட்டால் வந்த பணம் அத்தனையையும் திருப்பித் தரவேண்டியதுதான். இந்த நிலை வராமல் காக்கத்தான் அண்டர்ரைட்டர்கள், அதாவது ஒப்புறுதியாளர்கள், இருக்கிறார்கள். விற்காமல் நிற்கும் பங்குகளைத் தாங்களே வாங்கிக்கொள்வதாக அவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

நம் கணக்கில் மூன்று பேர். ஊர்ப் பெயராலேயே அழைப்போம். மதுரைக்காரர் 60,000 பங்குகளுக்கும், கோவைக்காரரும் திருச்சிக்காரரும் ஆளுக்கு 20,000 பங்குகளுக்கும் பொறுப்பேற்றிருக்கிறார்கள். இது அவர்களின் மொத்தப் பொறுப்பு. விற்காத 15,000 பங்குகளில் யார் எவ்வளவு எடுப்பது என்பதுதான் இப்போது கேள்வி.

ஒவ்வொருவரும் தம் வாடிக்கையாளர்களிடம் கொடுத்த படிவங்களில் தம் முத்திரையைக் குத்தியிருப்பார்கள். அந்த முத்திரையோடு வந்தவை குறியிட்ட விண்ணப்பங்கள். மதுரைக்காரர் 42,000, கோவைக்காரர் 19,000, திருச்சிக்காரர் 14,000 பங்குகளுக்கு அப்படிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவரவர் கொண்டுவந்தது அவரவர் பொறுப்பில் கழியும். அதில் தகராறே இல்லை. மீதமுள்ள 10,000 பங்குகளுக்கான விண்ணப்பங்களில் யார் முத்திரையும் இல்லை. முதலீட்டாளர்கள் நேரே அனுப்பியவை அவை. வழக்கு முழுவதும் அந்தக் குறியிடாத விண்ணப்பங்களைச் சுற்றித்தான்.

வழக்கமான முறையில், குறியிடாதவற்றை மொத்தப் பொறுப்பின் விகிதத்தில் பிரிப்பார்கள். அப்படியானால் மதுரைக்காரருக்கு 6,000, மற்ற இருவருக்கும் 2,000 வீதம். இதைக் கழித்ததும் மதுரைக்காரர் 12,000, திருச்சிக்காரர் 4,000 எடுக்கவேண்டியிருக்கிறது. கோவைக்காரருக்கோ பாக்கி இருந்தது 1,000 பங்குகள்தான். 2,000 வரவு வந்ததால் அவர் கணக்கில் 1,000 மிச்சம். அந்த மிச்சத்தை அவர் கையில் விட்டுவைக்கக்கூடாது. மற்ற இருவருக்கும் அவர்களின் மொத்தப் பொறுப்பின் விகிதத்தில், 3க்கு 1 என்று, 750ம் 250மாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். முடிவில் மதுரைக்காரர் 11,250, திருச்சிக்காரர் 3,750, கோவைக்காரர் ஒன்றுமில்லை. கூட்டினால் சரியாக 15,000. கூட்டுத்தொகை விற்காத பங்குகளுக்குச் சமமாக வராவிட்டால், பெரும்பாலும் இந்த மிச்சத்தைப் பிரிக்க மறந்திருப்பார்கள்.

இன்னொரு முறையும் உண்டு. முதலில் குறியிட்டவற்றைக் கழித்துவிட்டு, மீந்து நிற்கும் 18,000, 1,000, 6,000 என்ற விகிதத்தில் குறியிடாதவற்றைப் பிரிப்பது. இதில் மதுரைக்காரர் 10,800, கோவைக்காரர் 600, திருச்சிக்காரர் 3,600 எடுக்கவேண்டிவரும். என் பார்வையில் முதல் முறையே நியாயம். அலைந்து ஆள் சேர்த்த கோவைக்காரருக்கு இரண்டாவது முறை பொதுவிண்ணப்பங்களில் மிகச் சிறிய பங்கைக் கொடுத்து, குறைவாகச் சேர்த்தவர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறது. ஆனாலும் எந்த முறை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதுதான் செல்லும். எதுவும் சொல்லாதபோது முதல் முறையைப் பின்பற்றுவதே வழக்கம்.

கமிஷனில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கடைசியில் எடுத்த பங்குகளுக்குக் கமிஷன் என்று நினைப்பது தவறு. பொறுப்பேற்ற பங்குகள் முழுவதற்கும், வெளியீட்டு விலையின்மேல் அது கணக்கிடப்படும். ஏனென்றால் அது ஆபத்தைச் சுமந்ததற்கான கூலி. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் வந்த விதிகளின்படி பங்குகளுக்கு உச்சவரம்பு 5 சதவீதம். நிறுவனத்தின் நடைமுறை விதிகள் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அந்தக் குறைந்த வீதமே பொருந்தும். கடன்பத்திரங்களுக்கு வரம்பு இரண்டரை சதவீதம்.

இங்கே 4 சதவீதம் பேசியிருந்தால் மதுரைக்காரருக்கு 6 லட்சம் ரூபாய்க்கு 24,000, மற்றவர்களுக்கு ஆளுக்கு 8,000. மதுரைக்காரர் எடுக்கும் 11,250 பங்குகளின் விலை 1,12,500 ரூபாய்; கமிஷனைக் கழித்து 88,500 ரூபாய் கட்டவேண்டும். திருச்சிக்காரர் 29,500. கோவைக்காரர் ஒரு பங்குகூட எடுக்காமல் 8,000 ரூபாய் வாங்கிக்கொள்வார். வெளியீடு முழுவதும் மக்களிடமே விற்றுத் தீர்ந்திருந்தாலும் மூவருக்கும் இதே கமிஷன்தான்.

சில வெளியீடுகளில் ஒரு பகுதிக்கு மட்டுமே ஒப்புறுதி இருக்கும். அப்போது மீதிப் பகுதிக்கு நிறுவனமே ஒப்புறுதியாளர் போலக் கருதப்படும். முத்திரையில்லாமல் நேரே வந்த விண்ணப்பங்களும் அதன் கணக்கில்தான் சேரும்.