ஒரு நிமிடப் பேச்சை எழுதிக் காட்டுங்கள்

மொழியியல் படிக்கும் இளங்கலை மாணவி ஒருத்தி பேராசிரியருக்குக் கடிதம் எழுதுகிறாள். நீலகிரியில் எழுத்து வழக்கு இல்லாத குறும்பர் மொழி ஒன்றை அவர் குழுவாகப் பதிவு செய்துவருகிறார். அந்தக் குழுவில் தன்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் கோரிக்கை. மாணவியும் பேராசிரியரும் இந்தக் கட்டுரைக்காகக் கற்பனை செய்யப்பட்டவர்கள்தான். ஆனால் கடிதத்தின் முதல் வடிவம் நம் எல்லோருக்கும் பழக்கமானது:

“மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். அழிந்துவரும் மொழிகள்மீது எனக்குச் சிறு வயதிலிருந்தே ஈடுபாடு உண்டு. தங்கள் திட்டத்தில் பங்கேற்க வாய்ப்பளித்தால் கடுமையாக உழைப்பேன். எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்.”

பணிவுக்குக் குறைவில்லை. ஆனால் பேராசிரியரால் இதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. ‘எந்த வேலை கொடுத்தாலும்’ என்று எழுதியதிலேயே, அங்கே என்ன வேலை இருக்கிறது என்பது மாணவிக்குத் தெரியாது என்பது வெளிப்பட்டுவிடுகிறது. அந்த வேலையைத் தெரிந்துகொண்டால் கடிதம் தானாக மாறிவிடும்.

மொழிப் பதிவு என்றதும் காட்டுப் பாதையும், ஒலிவாங்கியும், பாட்டுப் பாடும் முதியவரும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். உண்மையில் பதிவு செய்வது சிறு பங்குதான். நெரிசல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. பதிவான பேச்சை ELAN போன்ற மென்பொருளில் திறந்து, மூச்சு விடும் இடங்களை வைத்துச் சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒரு நிமிடப் பேச்சு இருபது துண்டுகள் வரை ஆகும். ஒவ்வொரு துண்டையும் திரும்பத் திரும்பக் கேட்டு, காதில் விழும் ஒலியைப் பன்னாட்டு ஒலிக் குறியீடுகளில் எழுத வேண்டும். அதன் கீழ் வரியில் சொல்லை வேர், விகுதி என்று பிரிக்க வேண்டும். அடுத்த வரியில் ஒவ்வொரு பகுதிக்கும் பொருள், அதற்கும் கீழே முழு வாக்கியத்தின் மொழிபெயர்ப்பு. சந்தேகமான துண்டுகளை மீண்டும் ஊர்க்காரரிடம் போட்டுக் காட்டி, நிதானமாகத் திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். இப்படிச் செய்தால், ஒரு மணி நேரப் பதிவை எழுதி முடிக்க ஐம்பது மணி நேரம் ஆவது சாதாரணம். சொற்களைப் பிரித்துப் பொருளும் எழுதினால் அது நூறைத் தாண்டும்.

நீலகிரியின் பழைய பதிவுகளே இதற்குச் சான்று. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மொழியியலாளர் முர்ரே எமனோ, 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை எழுதி எடுத்தார். கோத்தர் மொழிக் கதைகள் 1944 முதல் 1946 வரை நூல்களாக வந்தன. தோடர் மொழி இலக்கணமோ 1984இல்தான் வெளிவந்தது. களத்தில் சில ஆண்டுகள், மேசையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு. ஆகவே பேராசிரியருக்கு உடனடியாகத் தேவைப்படுவது பேச்சைக் கேட்டு எழுதத் தெரிந்த ஒரு காது. இளங்கலை மாணவியால் கொடுக்கக்கூடியதும் அதுவே.

ஆனால் அந்தக் காது தமிழ்க் காதாக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நீலகிரி மொழிகள் பல தமிழுக்கு நெருங்கிய உறவு. பாதிச் சொற்கள் புரிவதுபோல் இருக்கும். புரிகிறது என்ற அந்த நினைப்புதான் ஆபத்து. ‘காது’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் ஒலிக்கிறதே, அந்தக் குற்றியலுகரம் நமக்குப் பெரும்பாலும் சொல்லின் இறுதியில்தான் வரும். இருளாவிலும் அதன் அக்கம்பக்க மொழிகள் சிலவற்றிலும் இதையொத்த நடு உயிர்கள் சொல்லின் நடுவிலும் வரும், பொருளையும் மாற்றும். தமிழ் பேசுபவர் அவற்றை இகரமாகவோ உகரமாகவோ கேட்டு, தனக்குத் தெரிந்த தமிழ்ச் சொல்லாகவே எழுதிவிடுவார். எழுதியது சரியாகத்தான் தோன்றும், ஏனென்றால் அப்படி ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது.

தோடர் மொழி இன்னும் கடினம். ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறுபாடு காட்டாமல் பேசப் பழகிவிட்டவர்கள் நம்மில் பலர். தோடர் மொழியில் நாவை அதிரவிட்டு ஒலிக்கும் ரகர வகை மூன்று. அண்ணச் சாயலோடு ஒலிக்கும் இணையும் சேர்த்தால் ஆறு. பீட்டர் லடஃபோகட், பெரி பாஸ்கரராவ் ஆகிய ஒலியியலாளர்கள் உள்ளிட்ட குழு 1990களில் இவற்றைக் கருவிகளால் அளந்து ஆராய்ந்தது. இவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ஆறும் இரண்டாகச் சுருங்கிவிடும். பிறகு அந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு யாராலும் ஆறாக மீட்க முடியாது. அதனால்தான் முதல் நாளிலிருந்தே ஒலிக் குறியீட்டில் எழுத வேண்டும் என்றும், ஒலிப்பதிவைச் சுருக்காமல் WAV கோப்பாகவே வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். எழுதியதில் தவறு இருந்தால் திரும்பக் கேட்க மூலம் வேண்டுமல்லவா?

கேள்வி கேட்பதிலும் இதே கண்ணி உண்டு. மலைவாழ் மக்கள் பலருக்குத் தமிழோ கன்னடமோ படுகர் மொழியோ தெரியும். தமிழில் ஒரு சொல்லைக் கேட்டால், விருந்தினருக்குப் புரியட்டும் என்று தமிழ்ச் சொல்லையே சற்று மாற்றிச் சொல்லிவிடக்கூடும். இன்னொன்று எல்லா நாட்டுக் களப்பணியாளர்களுக்கும் நேர்வது. ‘உன் கை என்பதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டால், கேட்கப்பட்டவர் தன் கையைப் பார்த்து, ‘என் கை’ என்பதற்கான தொடரைச் சொல்வார். கேட்டவர் அதை ‘உன் கை’ என்று குறித்துக்கொள்வார். இப்படி முன்னிலையும் தன்மையும் இடம் மாறிப்போன பட்டியல், பார்க்க ஒழுங்காகவே இருக்கும். கதைகளில் இயல்பாக வரும் ‘நான்’, ‘நீ’ வடிவங்களோடு ஒப்பிடும்போதுதான் பிழை தெரியும். சொற்பட்டியலை மட்டும் நிரப்பிக்கொண்டு திரும்பியவர்களுக்கு அது தெரியவே வராது. கதையும் உரையாடலும் கட்டாயம் வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது ஆட்கள். எமனோவின் கோத்தர் கதைகளுக்குப் பின்னால் சுள்ளி என்ற கோத்தர் இருந்தார். ஆங்கிலம் தெரிந்தவர், மானிடவியலாளர் டேவிட் மேண்டல்பாமுக்கும் அவரே வழிகாட்டி. ஒரு மொழியின் பதிவு எந்த அளவுக்கு ஒரு மனிதரின் நினைவையும் பொறுமையையும் நம்பி நிற்கிறது என்பதற்கு அவர் உதாரணம். இன்றைய திட்டங்களில் அப்படி உதவுபவரை வெறும் தகவலாளி என்று நடத்துவதில்லை. அவருக்கு ஊதியம் உண்டு, நூலில் பெயர் உண்டு. தோட்ட வேலைக்குப் போகிறவரை ஒரு பகல் உட்காரவைத்தால் அன்றைய கூலியையாவது ஈடுகட்ட வேண்டும். என்ன பதிவாகிறது, எங்கே வைக்கப்படும், யார் கேட்பார்கள் என்பதை விளக்கி, அவருடைய சம்மதத்தையும் பதிவு செய்ய வேண்டும். சடங்குப் பாட்டை வெளியார் கேட்கக்கூடாது என்று ஊர் சொன்னால், அது அத்துடன் முடிந்தது.

காலமும் மாணவியின் கையில் இல்லை. கல்லூரிக்கு விடுமுறை கோடையில். அப்போதோ தேன் எடுக்கப் போகிறவர்கள் காட்டில் இருப்பார்கள். அதன்பின் தென்மேற்குப் பருவமழை. தகரக் கூரையின்மேல் மழை கொட்டினால் எந்த ஒலிவாங்கியும் உதவாது. ‘மே மாதம் ஊருக்கு வந்துவிடுகிறேன்’ என்று எழுதும் மாணவி, அந்த ஊரைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறாள்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு அதே மாணவி மீண்டும் எழுதினால் கடிதம் இப்படி அமையும்:

“மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மொழியியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவி. நீலகிரியில் தாங்கள் நடத்தும் பதிவுத் திட்டத்தில், பதிவுகளைக் கேட்டு எழுதும் வேலைக்கு உதவ விரும்புகிறேன்.

ஒலியியல் தாள் படித்து முடித்திருக்கிறேன். களப்பணி அனுபவம் இல்லை. ELAN மென்பொருளை நானாகப் பழகினேன். என் பாட்டியின் சம்மதத்தோடு, அவர் களையெடுப்பு பற்றிப் பேசியதைப் பதிவு செய்தேன். அதில் ஒரு நிமிடத்தை ஒலிக் குறியீட்டில் எழுதி, சொல் பிரித்து, ஒலிக்கோப்போடு இணைத்துள்ளேன். ஐந்து மணி நேரம் ஆனது. 14, 19ஆம் துண்டுகளில் சொல்லின் இறுதி உகரம் ஒலிக்கிறதா, விழுந்துவிட்டதா என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை. அந்த இடங்களைக் குறித்திருக்கிறேன்.

என் தாய்மொழி தமிழ், கன்னடம் தெரியாது. அம்மக்களின் மொழியில் உள்ள நடு உயிர்களைத் தமிழ் உயிர்களாகக் கேட்டுவிடும் வாய்ப்பு எனக்கு அதிகம் என்பதை அறிவேன். முதலில் நான் எழுதுவதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

கல்லூரி நாட்களில் வாரம் எட்டு மணி நேரம் இங்கிருந்தே வேலை செய்ய முடியும். களத்துக்கு வருவதானால், ஊராருக்கு எப்போது வசதியோ அப்போது. எனக்கு டிசம்பர் விடுமுறையில் இரண்டு வாரம் இயலும். பதிவுகளைத் தங்கள் அனுமதியின்றி யாருக்கும் தர மாட்டேன். இப்போது இடமில்லை என்றால், நான் அடுத்து எதைப் பழக வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.”

இந்தக் கடிதத்தில் ஈடுபாடு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பேராசிரியர் அதைத் தேடவும் மாட்டார். அவர் முதலில் இணைப்பைத் திறந்து 14ஆம் துண்டைக் கேட்பார். உகரம் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் நியாயமானதுதானா என்று பார்ப்பார். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லும் ஒரு நிமிடத்தைவிட, இரண்டு இடத்தில் தயங்கும் ஒரு நிமிடம் அவருக்கு நம்பிக்கை தரும். தயங்க வேண்டிய இடத்தில் தயங்காதவர் எழுதியதை முழுவதும் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அது புதிதாக எழுதுவதைவிடக் கூடுதல் வேலை.

எல்லாம் சரியாக எழுதினாலும் இடம் கிடைத்துவிடும் என்று உறுதியில்லை. குழுவில் நிதி இல்லாமல் இருக்கலாம். இன்னொரு புதுமுகத்தை வரவேற்க அந்த ஊர் தயாராக இல்லாமலும் இருக்கலாம். அப்போது கிடைக்கும் ‘இல்லை’யில் மாணவியின் குறை எதுவும் இல்லை.

இப்படிக் கடிதம் எழுத நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பேசும் ஒருவரைக் கேட்டு, அனுமதி வாங்கி, ஒரு நிமிடம் பதிவு செய்து எழுதிப் பாருங்கள். ஐந்து மணி நேரம் கழித்தும் அடுத்த நிமிடத்தை எழுதத் தோன்றினால் பேராசிரியருக்குக் கடிதம் போடுங்கள். தோன்றவில்லை என்றாலும் நஷ்டமில்லை. இந்த வேலை நமக்கானது அல்ல என்று மலையேறாமலேயே தெரிந்துகொண்டீர்கள்.