பட்டியலில் இல்லாத தேதிக்கு என்ன விலை?

மலாக்காவில் ஜாசின், அலோர் காஜா பக்கம் ஒரு காலத்தில் ரப்பர் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. குலையின் விலை கச்சா பாமாயில் விலையோடு சேர்ந்தே ஏறி இறங்கும். அந்த எண்ணெய்க்குக் கோலாலம்பூரில் 1980 முதல் முன்பேரச் சந்தை உண்டு. 2012இல் புர்சா மலேசியா அதன்மேல் ஆப்ஷன்களையும் தொடங்கியது. ஒரு ஒப்பந்தம் 25 டன்.

ஒரு தோட்ட நிறுவனம், டன்னுக்கு 4,000 வெள்ளி வீதம் 60 நாள் கழித்து விற்கும் உரிமையை வங்கியிடம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் 30 நாள், 90 நாள் ஆப்ஷன்களுக்கு மட்டுமே விலை இருக்கிறது. முன்பேர விலை எல்லாத் தவணைக்கும் 4,000 தான் என்று கொள்வோம்.

பிஷர் பிளாக் 1976இல் தந்த சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், ஒவ்வொரு ஆப்ஷன் விலையிலும் சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்பது தெரியும். 30 நாளுக்கு 36 விழுக்காடு, 90 நாளுக்கு 24 என்று வந்தால், 60 நாளுக்கு 30 என்று சொல்லத் தோன்றும். அது தவறு. நாள்கள் கூடக் கூடச் சேர்ந்துகொண்டே போவது விழுக்காடு அல்ல, அதன் வர்க்கத்தை நாள்களால் பெருக்கிய தொகை. நடுப்புள்ளியை அந்தத் தொகையில்தான் எடுக்க வேண்டும்:

```
0.36² × 30 = 3.888
0.24² × 90 = 5.184
நடு        = 4.536
√(4.536 / 60) = 0.275
```

ஆக 27.5 விழுக்காடு. இதன்படி உரிமையின் விலை டன்னுக்குச் சுமார் 178 வெள்ளி. 30 விழுக்காட்டைப் போட்டிருந்தால் சுமார் 194. ஒரு ஒப்பந்தத்துக்கு 400 வெள்ளி கூடுதல்.

உடன்பட்ட விலைகளுக்கு இடையிலும் இப்படியே நிரப்ப வேண்டும். அங்கே ஒரு சோதனை உண்டு. வாங்கும் உரிமையின் விலை 3,900இல் 210, 4,000இல் 165, 4,100இல் 110 என்று நம் கணக்கு சொல்கிறதென்றால் கோடு எங்கோ பிசகியிருக்கிறது. ஓரங்களில் ஒவ்வொன்று வாங்கி நடுவில் இரண்டு விற்பவருக்கு 10 வெள்ளி கையில் நிற்கும். தவணை முடிவில் விலை எங்கே போனாலும் அவருக்கு நட்டமே வராது. நடுவிலை இரு ஓரங்களின் சராசரியான 160ஐத் தாண்டக் கூடாது.

தேதிக் கணக்கில் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மேலே போட்ட கணக்கு 30ஆம் நாளுக்கும் 90ஆம் நாளுக்கும் இடையே எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறது. சந்தை அப்படி எண்ணுவதில்லை. மலேசிய பாமாயில் வாரியம் மாதந்தோறும் 10ஆம் தேதியை ஒட்டிக் கையிருப்பு விவரத்தை வெளியிடுகிறது; எதிர்பார்த்ததற்கு மாறான எண் வந்தால் விலை அன்றே தாவும். 9ஆம் தேதி முடியும் உரிமை அந்தத் தாவலைக் காணாது, 12ஆம் தேதி முடிவது காணும். நேர்க்கோட்டில் நிரப்பினால் இரண்டுக்கும் மூன்று நாள் வித்தியாசம் மட்டுமே தெரியும். அதனால் அறிக்கை நாளுக்கு இரண்டு மூன்று நாள் எடை கொடுத்து, விடுமுறை நாளுக்குக் குறைத்து, அதன்பின் நிரப்புவதே சரி.