பார்மர் முதல் குஜராத் கடற்கரை வரை: குழாய்க்குள் ஆறும் எண்ணெய்

ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் உள்ள மங்களா வயலில் 2009 ஆகஸ்டில் கச்சா எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த எண்ணெயில் மெழுகு அதிகம். சுமார் 65 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்தால் மெழுகுத் துகள்கள் பிரியத் தொடங்கும். 42 டிகிரி வாக்கில் எண்ணெய் ஓடவே மறுத்து உறைந்துபோகும். இதைக் குஜராத் கடற்கரையில் உள்ள போகாத் வரை, சுமார் 670 கிலோமீட்டர், மண்ணுக்குள் புதைத்த 24 அங்குலக் குழாயில் அனுப்ப வேண்டும்.

புறப்படும்போது எண்ணெய் 85 டிகிரி, சுற்றியுள்ள மண் 25 டிகிரி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எண்ணெய் மண்ணைவிட 60 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கிறது. குழாயிலிருந்து மண்ணுக்குப் போகும் வெப்பம் இந்தக் கூடுதல் சூட்டின் அளவுக்கேற்பவே இருக்கும். தொடக்கத்தில் வித்தியாசம் பெரிது, இழப்பும் பெரிது. போகப் போக வித்தியாசம் சுருங்கும், இழப்பும் சுருங்கும். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் குறைவது, அந்த இடத்தில் மிச்சமிருக்கும் சூட்டின் ஒரே விகிதப் பங்கு. அதுதான் அடுக்குக்குறித் தேய்வு:

T(x) = T_g + (T_0 − T_g) e^(−x/L)

T_0 என்பது புறப்பாட்டுச் சூடு, T_g மண்ணின் சூடு, x கடந்த தூரம். e ஏறத்தாழ 2.718. எல்லாச் சூட்சுமமும் L-இல் இருக்கிறது. கூடுதல் சூடு 37 சதவீதமாகக் குறைய எவ்வளவு தூரம் ஆகும் என்பதை அது சொல்கிறது. எண்ணெய் எவ்வளவு வேகமாக வெப்பத்தைச் சுமந்து செல்கிறது என்பதை, ஒரு மீட்டர் குழாய் எவ்வளவு கசியவிடுகிறது என்பதால் வகுத்தால் L கிடைக்கும்.

நாளொன்றுக்கு 1,50,000 பீப்பாய் ஓடுகிறது, குழாயைச் சுற்றிப் பாலியூரிதேன் நுரை 9 சென்டிமீட்டர் தடிமனுக்குப் போர்த்தியிருக்கிறது என்று வைத்தால், L ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வரும். 100 கிலோமீட்டரில் எண்ணெய் 78 டிகிரி, 200-இல் 72, 300-இல் 66. மெழுகு பிரியும் 65 டிகிரியைத் தொட 325 கிலோமீட்டர் ஆகிறது. நுரை இல்லாமல் வெறும் குழாயைப் புதைத்திருந்தால் அதே சூட்டுக்கு 70 கிலோமீட்டருக்குள்ளேயே இறங்கிவிடும்.

இப்படிப் பார்த்தால் வழியில் ஓரிரு இடங்களில் சூடேற்றினாலே போதும் என்று தோன்றும். ஆனால் இந்தக் குழாயில் ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு ஒன்றாக வெப்ப நிலையங்கள் இருக்கின்றன. காரணம், ஓட்டம் எப்போதும் முழு அளவில் இருக்காது. ஓட்டம் பத்தில் ஒரு பங்கானால் L-உம் பத்தில் ஒரு பங்காகி 80 கிலோமீட்டராகச் சுருங்கும். அப்போது நூறாவது கிலோமீட்டரிலேயே எண்ணெய் 42 டிகிரி, அதாவது உறையும் விளிம்பில். அதுமட்டுமல்ல, ஆறிய எண்ணெய் கெட்டிப்படும். கெட்டியானதைத் தள்ள அதிக அழுத்தம் வேண்டும். பம்பு ஈடுகொடுக்காவிட்டால் ஓட்டம் இன்னும் குறையும். குறைந்தால் இன்னும் ஆறும். இந்தச் சுழலில் மாட்டிய குழாயை மீட்பது மிகக் கடினம்.

பழுதுக்காக ஓட்டத்தையே நிறுத்திவிட்டால்? தூரத்தின் இடத்தில் நேரம் வந்து உட்கார்ந்துகொள்ளும், வளைவு அதேதான். மேலே சொன்ன நுரைப் போர்வையோடு, 85 டிகிரியில் நின்றுவிட்ட எண்ணெய் 65-க்கு வர சுமார் 4 நாள், 42-க்கு வர சுமார் 12 நாள். ஆனால் வழியில் ஏற்கெனவே ஆறியிருக்கும் பகுதிக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

ஆகவே மங்களாவில் குழாயோடு சேர்த்து ஒரு சிறு எஃகுக் குழாயைப் பற்றவைத்திருக்கிறார்கள். அதற்குள் உறையிட்ட மின்கம்பி ஓடும். கம்பி வழியே போகும் மாறுமின்சாரம் சிறு குழாயின் உட்பக்கத் தோல் வழியாகத் திரும்பும்போது எஃகு சூடாகிறது. அந்தச் சூடு எண்ணெய்க்குப் போகிறது. நம் கணக்கில் 65 டிகிரியில் எண்ணெயைப் பிடித்து நிறுத்த மீட்டருக்கு 24 வாட் போதும், ஒரு பழைய டியூப்லைட்டின் தேவையைவிடக் குறைவு. 670 கிலோமீட்டருக்கும் சேர்த்தால் அது 16 மெகாவாட் ஆகிவிடுகிறது.

போர்வை எங்காவது கெட்டுவிட்டதா என்று கண்டுபிடிக்கவும் இதே கணக்கு உதவும். மின்சூடு இல்லாமல் எண்ணெய் சீராக ஓடும்போது, வழியில் அளந்த சூட்டிலிருந்து மண்ணின் சூட்டைக் கழித்து, மிச்சத்தின் மடக்கையைத் தூரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். ஓரிடத்தில் கோடு திடீரென்று செங்குத்தாகச் சரிந்தால், அங்கே நுரைக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம்; இல்லையென்றால் மண் நனைந்திருக்கலாம். ஈர மண் வெப்பத்தை வேகமாக உறிஞ்சும். மழை ஓய்ந்து மண் காய்ந்த பிறகும் சரிவு அப்படியே இருந்தால், தோண்டிப் பார்க்க வேண்டியது அந்த இடத்தில்தான்.