லாக் வீடியோ: வெளிச்சம் சற்றே கூடினால் நிறம் நிற்கும்

சோனி ஏ7எஸ்3 கேமராவின் பிக்சர் புரொஃபைல் மெனுவில் PP8-ஐத் தேர்ந்தெடுத்ததும், திரையில் தெரியும் காட்சி வெளிறிப்போகும். கறுப்பு சாம்பலாகும், பச்சை மங்கும். இதுதான் S-Log3.

சாதாரண புரொஃபைலில் கான்ட்ராஸ்டையும் நிறச்செறிவையும் கேமராவே தீர்மானித்துப் பதிந்துவிடுகிறது. வெயிலில் வெள்ளை வேட்டி ஒரேயடியாக வெளுத்துவிட்டால், எடிட்டிங்கில் அதன் மடிப்புகளை மீட்க முடியாது. S-Log3 வெளிச்சத்தை நெருக்கி அடுக்குகிறது. சரியான எக்ஸ்போஷரில் நடுச்சாம்பல் 41 சதவீதத்திலும் வெள்ளைத்தாள் 61 சதவீதத்திலும் நிற்கும். அதற்கு மேல் சுமார் 94 வரையுள்ள இடம் பளிச்சிடும் பகுதிகளுக்கு.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. வெளிறிய காட்சியைப் பார்ப்பவர், வெளிச்சம் கூடிவிட்டதாக நினைத்து அப்பர்ச்சரைச் சுருக்கிவிடுகிறார். நிழலில் சென்சாருக்குப் போதிய ஒளி கிடைப்பதில்லை. பிறகு எடிட்டிங்கில் முகத்தைத் தூக்கும்போது, கன்னத்தின் நிழற்பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் நெளியும்.

ஆகவே அனுபவமுள்ள பலர் மீட்டர் காட்டுவதைவிட ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுக்கிறார்கள். நண்பகல் வயல்வெளியில் வேட்டி கட்டிய ஒருவரைப் படமாக்குவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50. ISO, அந்தக் கேமராவின் S-Log3 அடிப்படை அளவான 640. ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் 5600K-இல் நிறுத்திவிட வேண்டும். மிஞ்சும் வெயிலை லென்ஸின் முன் மாட்டும் என்.டி. ஃபில்டர் தடுக்கும், அப்பர்ச்சர் f/4 என்றால் ஆறு ஸ்டாப் குறைக்கும் ஃபில்டர் ஏறக்குறைய பொருந்தும். இப்போது நடுச்சாம்பல் 54-ஐயும் வெள்ளை 74-ஐயும் ஒட்டி நிற்கும். ஸீப்ராவை 94+ என வைத்தால், வேட்டியில் கோடுகள் தெரியும்வரை பயமில்லை. தெரிந்தால், அவை மறையும்வரை குறைக்க வேண்டும்.

ஆனால் ஸீப்ரா மொத்த ஒளிர்வையே அளக்கிறது. மேடையின் நீல எல்.இ.டி. விளக்கில் நீலம் மட்டும் வழிந்துபோனாலும் கோடு வராது. அங்கே கூடுதல் வெளிச்சம் நிறத்தைக் கெடுக்கும். குறைத்தே எடுப்பது நல்லது.

எடிட்டிங்கில் வரிசை முக்கியம். முதலில் அந்த ஒன்றரை ஸ்டாப்பைக் குறைக்க வேண்டும். அதோடு நிழலின் புள்ளிகளும் அமுங்கும். அதன் பிறகே S-Log3-ஐ Rec.709 ஆக மாற்றும் லட். முதலிலேயே லட்டைப் போட்டுவிட்டால், அது வெள்ளைக்கு அழுத்திய பகுதிகள் பின்னர் குறைக்கும்போது வெறும் சாம்பலாகவே இறங்கும்.

கேமரா 8 பிட்டில் மட்டும் பதிவு செய்வதாக இருந்தால் கணக்கு மாறும். ஒரு நிறத்துக்கு 10 பிட்டில் 1024 படிகள். 8 பிட்டில் 256 மட்டுமே. லாக் காட்சியை இழுத்து விரிக்கும்போது நீலவானில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழும். அத்தகைய கேமராவில் கான்ட்ராஸ்ட் மிதமான சினி வகைப் புரொஃபைலே பாதுகாப்பானது.